உறுதிப்படுத்துவதா, நீட்டிப்பதா, விடுவிப்பதா: தகுதிகாண் காலம் முடியும்போது எழுதும் கடிதங்கள்

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். 2024 ஜூன் 3 அன்று கொள்முதல் பிரிவில் உதவியாளராக ஒரு பெண் சேர்ந்தார். தகுதிகாண் காலம் ஆறு மாதம், அதாவது டிசம்பர் 2 வரை. நவம்பர் நடுவில் அவருடைய பிரிவு மேலாளர் என்னிடம் வந்து, "இவர் சரிப்பட்டு வர மாட்டார், மூன்று மாதம் நீட்டித்து ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்" என்றார். சரிப்பட்டு வராதவரை எதற்காக நீட்டிக்க வேண்டும் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. நீட்டிப்புக் கடிதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறக்கின்றன. முடிவெடுக்க மனமில்லாத இடத்தில், முடிவைத் தள்ளிப்போட அது கைக்கு எளிதாகக் கிடைக்கிறது.

அந்தப் பெண்ணின் கோப்பை முன்னால் வைத்துக்கொண்டு எங்களுக்கு இருந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். உறுதிப்படுத்தலாம், நீட்டிக்கலாம், விடுவிக்கலாம். நான்காவதாக ஒன்றும் உண்டு. ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவது. பல நிறுவனங்களில் நடைமுறையில் அதிகம் நடப்பது இதுதான், அதிகம் சிக்கலில் விடுவதும் இதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தேதி கடந்தும் கடிதம் தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. நியமனக் கடிதத்திலோ பணி விதியிலோ என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. மதுரைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் வழக்கில், ஆறு மாதம் முடிந்தும் நிர்வாகம் எதுவும் செய்யாவிட்டால் ஊழியர் தகுதிகாண் நிலையிலேயே தொடர்கிறார் என்று நீதிமன்றம் சொன்னது. ஆறு மாதம் முடிவதற்கு முன்பே, ஒழுங்கீனம் போன்ற தக்க காரணம் இல்லாமல் அனுப்ப முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் 1968-இல் தரம் சிங் வழக்கில் நிலைமை வேறு. அங்கே பணி விதியே தகுதிகாண் காலத்துக்கு மூன்றாண்டு என்ற உச்ச வரம்பு வைத்திருந்தது. அந்த வரம்பைத் தாண்டியும் ஊழியர்களை வேலையில் தொடரவிட்டதால், அவர்கள் உறுதிப்படுத்தப்பட்டவர்களாகவே கருதப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

ஆகவே கோப்பில் முதலில் தேட வேண்டியது வேலையைப் பற்றிய குறிப்பை அல்ல, நியமனக் கடிதத்தில் இருக்கும் இரண்டு வாக்கியங்களை. ஒன்று, நீட்டிக்க உரிமை இருக்கிறதா, இருந்தால் எத்தனை மாதம் வரை. மற்றொன்று, எழுத்துமூலம் உறுதிப்படுத்தும் வரை தகுதிகாண் நிலை தொடரும் என்று இருக்கிறதா. எங்கள் கடிதத்தின் 7-ஆம் பிரிவில் இரண்டும் இருந்தன. நீட்டிப்பு மூன்று மாதத்துக்கு மேற்படாது என்றும் இருந்தது. அந்த "மேற்படாது" என்ற சொல்தான் கவனிக்க வேண்டியது. அதை எழுதிவிட்டு நான்காவது மாதமும் பேசாமல் இருந்தால், எழுத்துமூலம் உறுதிப்படுத்தவில்லையே என்ற வாதம் மிகவும் மெலிந்துவிடும்.

முன்பு வேறொரு நிறுவனத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். ஓர் ஊழியர் பதினொரு மாதம் எந்தக் கடிதமும் இல்லாமல் வேலை செய்தார். இடையில் அவருக்கு ஊதிய உயர்வும் போட்டார்கள். பன்னிரண்டாம் மாதம் "தகுதிகாண் காலத்தில் திருப்தியில்லை" என்று அனுப்பப் பார்த்தார்கள். சமரசப் பேச்சில் முதலில் மேசைக்கு வந்தது அந்த ஊதிய உயர்வுக் கடிதம்தான். "உங்கள் சிறப்பான பங்களிப்பைப் பாராட்டி" என்று எல்லோருக்கும் ஒரே அச்சில் போன கடிதம் அது. அதற்கு நிர்வாகத்தால் பதில் சொல்ல முடியவில்லை. பணம் கொடுத்துத்தான் முடித்தார்கள்.

இனி அந்தப் பெண்ணின் கோப்பு. அவருடைய வேலை, வந்த சரக்குக்கு வரவுச் சீட்டுப் போடுவது, அதைப் பர்ச்சேஸ் ஆர்டரோடும் சப்ளையர் பில்லோடும் ஒப்பிட்டுக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புவது. மேலாளர் முதலில் கொண்டுவந்த குறிப்பில் "கவனக்குறைவு, அக்கறை இல்லை, பலமுறை சொல்லியும் திருந்தவில்லை" என்று இருந்தது. தேதி இல்லை. எத்தனை முறை என்று இல்லை. இப்படிப்பட்ட குறிப்பு, எழுதியவரின் கோபத்தைத் தவிர வேறு எதையும் நிரூபிக்காது.

கணக்குப் பிரிவின் பதிவேட்டை வாங்கிப் பார்த்தோம். செப்டம்பரில் அவர் அனுப்பிய 212 பில்களில் 31 திரும்பி வந்திருந்தன. அக்டோபரில் 204-இல் 27. திரும்பியதற்கான காரணத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது பெரும்பாலானவை ஒரே வகை. ஆர்டரில் ஒரு விலை, பில்லில் வேறு விலை. வார்ப்பு விலை மாறியதும் சப்ளையர் புது விலையில் பில் போட்டிருக்கிறார், இங்கே ஆர்டரைத் திருத்தாமல் பில்லை அப்படியே மேலே அனுப்பியிருக்கிறார்கள். மென்பொருளில் ஆர்டரைத் திருத்தும் உரிமை அவருக்குக் கொடுக்கப்பட்டது எப்போது என்று கேட்டேன். அக்டோபர் 21. அதற்கான பயிற்சி? ஒரு மணி நேரம், அதே நாளில்.

இந்த ஒரு தேதி, முடிவையே மாற்றியது. பிழை இருந்தது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதியைத் திருத்தும் வழியே அவர் கையில் இல்லாத மாதங்கள் அவை. விடுவிப்பது நியாயமாக இருந்திருக்காது. உறுதிப்படுத்தவும் முடியாது, ஏனென்றால் வழி கிடைத்த பிறகு எப்படிச் செய்கிறார் என்பதைக் காட்ட முழுதாக ஒரு மாதம்கூட இல்லை. நீட்டிப்பு பொருந்துவது இப்படிப்பட்ட இடத்தில் மட்டுமே. நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: நீட்டிக்கும் காலத்தில் எது மாறப்போகிறது என்பதை ஒரு வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். "திருத்தும் உரிமை கையில் இருக்கும் நிலையில் இரண்டு மாத முடிவுகளைப் பார்ப்போம்" என்று எங்களால் எழுத முடிந்தது. எழுத முடியாவிட்டால் அது நீட்டிப்பு அல்ல, ஒத்திவைப்பு. அப்போது உறுதிப்படுத்துங்கள், அல்லது விடுவியுங்கள்.

எவ்வளவு காலம் என்பதும் இதிலிருந்தே வருகிறது. மூன்று மாதம் என்று மேலாளர் கேட்டது, உச்ச வரம்பு மூன்று மாதம் என்பதால் மட்டுமே. எங்களுக்கு வேண்டியது நவம்பர், டிசம்பர் மாத முடிவுகள். அவற்றின் கணக்கு ஜனவரி முதல் வாரத்தில் தெரிந்துவிடும். மதிப்பீட்டுக்கு ஒரு வாரம், கடிதத்துக்குச் சில நாள். ஜனவரி 20 போதும்.

இதில் இன்னொரு காரணமும் இருந்தது. ஓராண்டுக்குள் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத அறிவிப்பும், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் இழப்பீடும் தர வேண்டும் என்பது அப்போது நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம். இன்றைய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் அந்தக் கணக்கு இருக்கிறது. ஊதியத்துடன் கூடிய வார விடுமுறையும் சேர்த்தால், ஜூன் 3-இல் சேர்ந்தவருக்கு 240-ஆவது நாள் 2025 ஜனவரி 28. மார்ச் 2 வரை நீட்டித்திருந்தால் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்போம். நியமனக் கடிதத்தின் நிபந்தனைப்படி முடித்தால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று வாதிட இடம் உண்டு. ஆனால் தேவையே இல்லாத ஆறு வாரத்துக்காக அந்த வாதத்துக்குள் போவது வீண். நீட்டிப்பை மேலும் மேலும் அடுக்குகிறவர்கள் தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். அச்சட்டம் பொருந்தும் இடங்களில், 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளர் நிரந்தரமாக்கப்பட வேண்டியவர்.

இப்போது சொற்கள். மூன்று முடிவுக்கும் ஒரே அச்சுக் கடிதத்தை வைத்துக்கொண்டு நடுவில் ஒரு வரியை மட்டும் மாற்றுகிறார்கள். அது தவறு. காரணம் எந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு முடிவுக்கும் வேறு. நீட்டிப்பில் காரணம் கடிதத்திலேயே, விரிவாக இருக்க வேண்டும். அதைப் படித்துத்தான் அவர் திருத்திக்கொள்ள முடியும். விடுவிப்பில் காரணம் கோப்பில் இருக்க வேண்டும், கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும். உறுதிப்படுத்தலில் காரணமே வேண்டாம்.

நவம்பர் 18 அன்று அவரோடு உட்கார்ந்து பேசினோம். பதிவேட்டு எண்களைக் காட்டினோம். அவர் சொன்னதை அவர் கையாலேயே மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதச் சொன்னோம். "அக்டோபர் 21 வரை ஆர்டரைத் திருத்த எனக்கு வசதி இல்லை" என்று எழுதினார். நிர்வாகத்துக்கு எதிரான வரியை எதற்குக் கோப்பில் வைக்கிறீர்கள் என்று மேலாளர் கேட்டார். அந்த வரி இருப்பதால்தான் அந்தக் கோப்பை யாரும் நம்புவார்கள். ஒரு தரப்பு மட்டுமே பேசும் கோப்பு, வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து தயாரித்தது போலத்தான் தெரியும். ஆறு மாத மதிப்பீடுகளும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்து ஓட்டத்தில் இருந்தால் பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது. பழைய தேதியிட்டுப் புதிதாக எழுதிய குறிப்பு, இல்லாத குறிப்பைவிட மோசம்.

நவம்பர் 27 அன்று, அதாவது காலம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது, இந்தக் கடிதம் கொடுத்தோம்:

> உங்கள் நியமனக் கடிதத்தின் 7-ஆம் பிரிவின்படி, 02.12.2024 அன்று முடிவடையும் உங்கள் தகுதிகாண் காலம் 20.01.2025 வரை நீட்டிக்கப்படுகிறது.
>
> செப்டம்பரில் நீங்கள் அனுப்பிய 212 பில்களில் 31, அக்டோபரில் 204-இல் 27 கணக்குப் பிரிவிலிருந்து திரும்பின. பெரும்பாலானவை ஆர்டர் விலைக்கும் பில் விலைக்கும் உள்ள வேறுபாட்டால் திரும்பியவை. ஆர்டரைத் திருத்தும் வசதி உங்களுக்கு 21.10.2024 அன்றுதான் வழங்கப்பட்டது என்பதைக் கருத்தில் கொண்டுள்ளோம்.
>
> டிசம்பர் மாதத்தில் இக்காரணத்தால் திரும்பும் பில்கள் எட்டுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். டிசம்பர் 4, 5 தேதிகளில் உங்களுக்கு மீண்டும் பயிற்சி அளிக்கப்படும். டிசம்பர் 16 அன்று இடைக்கால மதிப்பீடும் ஜனவரி 13 அன்று இறுதி மதிப்பீடும் நடைபெறும். அதன் அடிப்படையில் எடுக்கப்படும் முடிவு 20.01.2025-க்குள் எழுத்துமூலம் தெரிவிக்கப்படும்.
>
> இக்காலத்தில் உங்கள் ஊதியத்திலும் பிற பணி நிபந்தனைகளிலும் மாற்றம் இல்லை.

மேலாளர் எழுதிக்கொண்டு வந்த வரைவில் "மறு அறிவிப்பு வரும் வரை நீட்டிக்கப்படுகிறது" என்று இருந்தது. முடிவு தேதி இல்லாத நீட்டிப்பு, எழுதாமல் விட்டதற்குச் சமம். "இதுவே கடைசி வாய்ப்பு" என்ற வரியையும் எடுத்தோம். அது மிரட்டல் போலப் படிக்கும், முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்றும் காட்டும். "அக்கறை இல்லை" என்பது மனத்தைப் பற்றிய தீர்ப்பு, அதை அளக்க முடியாது. "31 பில்கள் திரும்பின" என்பதை அவரே எண்ணிப் பார்க்கலாம். "திரும்பும் பில்கள் குறைய வேண்டும்" என்று மட்டும் எழுதினாலும் போதாது. முப்பதிலிருந்து இருபத்தெட்டும் குறைவுதான்.

கடிதத்தின் இரண்டாம் பிரதியில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு அதைக் குறித்துவிட்டு, அன்றே வீட்டு முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்ப வேண்டும். எழுதிய தேதியைவிட அவர் கைக்குப் போன தேதிதான் கேட்கப்படும். ஊழியருக்கு வசதியான மொழி தமிழ் என்றால் தமிழ்ப் பிரதியும் தருவது நல்லது. "எனக்குப் புரியவில்லை" என்ற பதில் நீட்டிப்புக் கடிதத்தின் பயனையே அழித்துவிடும்.

விடுவிப்புக் கடிதத்தையும் அப்போதே யோசித்து வைத்தேன், ஜனவரியில் தேவைப்பட்டால் அவசரத்தில் எழுதக் கூடாது என்பதற்காக. அது இவ்வளவுதான்:

> உங்கள் நியமனக் கடிதத்தின் 7-ஆம் பிரிவின்படி, தகுதிகாண் காலத்தில் உங்கள் பணி திருப்திகரமாக அமையவில்லை என்பதால், 20.01.2025 அன்று வேலை நேர முடிவில் நீங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். அறிவிப்புக் காலத்துக்குரிய 15 நாள் ஊதியமும் இதர நிலுவைகளும் உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்.

எண்கள் இல்லை. பழைய கடிதங்களின் மேற்கோள் இல்லை. இவ்வளவு சேகரித்துவிட்டு எதையுமே எழுதவில்லையே என்று தோன்றும். காரணத்தை இரண்டு தீர்ப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன. 2001-இல் பவனேந்திர நாராயண் வர்மா வழக்கில், பணியும் நடத்தையும் திருப்திகரமாக இல்லை என்ற வரி ஊழியரின் பெயருக்குக் களங்கம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 1999-இல் தீப்தி பிரகாஷ் பானர்ஜி வழக்கில், விடுவிப்பு ஆணை முந்தைய கடிதங்களைச் சுட்டியது. அந்தக் கடிதங்களில் குற்றச்சாட்டுகள் இருந்தன. ஆணையில் நேராக இல்லாவிட்டாலும், அது சுட்டும் ஆவணத்தில் களங்கம் இருந்தால் ஆணைக்கும் அது ஒட்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. இவை இரண்டும் அரசு சார்ந்த நிறுவனங்களின் வழக்குகள். ஆனாலும் தொழிலாளர் நீதிமன்றங்களில் இந்தத் தர்க்கம் எடுத்துக் காட்டப்படுகிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அந்தக் கடிதத்தை அடுத்த வேலைக்குப் போகும் இடத்தில் அந்தப் பெண் காட்ட வேண்டியிருக்கும். அவருக்கு 26 வயது. எங்கள் வேலை அவருக்குப் பொருந்தவில்லை என்பதற்குமேல் ஒரு சொல்கூட அவர் தோளில் ஏற்றி அனுப்ப எங்களுக்கு உரிமையில்லை.

இதில் ஒரு எல்லை உண்டு. உண்மையான காரணம் திறமைக் குறைவாக இல்லாமல் ஒழுங்கீனமாக இருந்தால், அதாவது அவர் சப்ளையரிடம் பணம் வாங்கிக்கொண்டு விலை வேறுபாட்டை மறைத்தார் என்று நிர்வாகம் நம்பினால், மேலே உள்ள சுருக்கமான கடிதம் உதவாது. கடிதம் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், முடிவின் அடித்தளம் அந்தக் குற்றச்சாட்டுதான் என்று தெரிந்தால் நீதிமன்றம் திரையை விலக்கிப் பார்க்கும். அப்போது செய்ய வேண்டியது, குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, விளக்கம் கேட்டு, உள்விசாரணை நடத்துவது. தகுதிகாண் பிரிவைக் குறுக்குவழியாக எடுக்கக் கூடாது. தன்மேல் என்ன பழி என்றே தெரியாமல் ஒருவர் வெளியே போவது அநியாயமும்கூட.

டிசம்பர் 16-இன் இடைக்கால மதிப்பீட்டில் பெரிதாக எழுத ஒன்றும் இருக்கவில்லை. பயிற்சி இரண்டு நாளும் நடந்ததா என்று கேட்டு, இருவரிடமும் கையெழுத்து வாங்கினோம். நீட்டிப்புக் கடிதத்தில் தருவதாகச் சொன்னதை நிர்வாகம் தந்ததற்கான ஒரே சாட்சி அந்தக் காகிதம்தான். டிசம்பர் முழுதும் 209 பில்கள், விலை வேறுபாட்டால் திரும்பியவை ஆறு. ஜனவரி 13 அன்று மேலாளரே "உறுதிப்படுத்தலாம்" என்று படிவத்தில் எழுதினார்.

உறுதிப்படுத்தும் கடிதத்தில் பாராட்டு எழுத வேண்டும் என்று மேலாளர் விரும்பினார். வாயால் சொல்லுங்கள், அவருக்கு அது மகிழ்ச்சியாக இருக்கும், கடிதத்தில் வேண்டாம் என்றேன். உறுதிப்படுத்தும் கடிதம் தேதிகளின் கடிதம். எந்தத் தேதியிலிருந்து என்பதில் ஒரு கேள்வி வந்தது, டிசம்பர் 3-ஆ, ஜனவரி 21-ஆ? தவறு பாதி நம்முடையது என்று ஒப்புக்கொண்ட பிறகு பின்தேதியிட்டால் என்ன என்று கணக்குப் பிரிவு மேலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பின்தேதியிட்டால், நடுவில் கொடுத்த நீட்டிப்புக் கடிதத்துக்கும் இதற்கும் முரண்பாடு வந்துவிடும். ஜனவரி 21 என்றே வைத்து, அதனால் அவருக்கு இழப்பு வரக்கூடிய ஒன்றைத் தனி வரியாகச் சரிசெய்தோம்:

> 21.01.2025 முதல் நீங்கள் கொள்முதல் உதவியாளர் பணியில் உறுதிப்படுத்தப்படுகிறீர்கள். இத்தேதியிலிருந்து இரு தரப்புக்கும் பணி விலகல் அறிவிப்புக் காலம் 30 நாள். ஏப்ரல் 2025 ஊதிய உயர்வுக்கு நீங்கள் முழுத் தகுதி உடையவர், தகுதிகாண் கால நீட்டிப்பு அதைப் பாதிக்காது. பணிக்கொடை உள்ளிட்ட அனைத்துக்கும் உங்கள் பணிக்காலம் 03.06.2024 முதல் கணக்கிடப்படும்.

கடைசி வரி சட்டப்படி தேவையில்லை. பணிக்கொடைக்கான தொடர் பணிக்காலம் எப்படியும் சேர்ந்த நாளிலிருந்துதான் தொடங்கும், வருங்கால வைப்பு நிதியும் அப்படியே. ஆனால் உறுதிப்படுத்திய நாளிலிருந்துதான் எல்லாம் எண்ணப்படும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேர். கடிதத்தை வாங்கிக்கொண்ட அந்தப் பெண் முதலில் விரல் வைத்து என்னிடம் கேட்டதும் அந்த வரியைத்தான்.